எடையை மாற்றினால் போல் எங்கே நகரும்?

கட்டுப்பாட்டுப் பொறியியலின் எல்.கியூ.ஆர் முறையில் `q`, `r` என்ற எடைகளைக் கொடுத்தால், `x` என்ற நிலையை எத்தனை மடங்காக்கி `u` என்ற உள்ளீடாகத் திருப்பித் தருவது என்று சொல்லும் கெய்னை மென்பொருள் தந்துவிடுகிறது. நடுவில் நடப்பதை ஒரேயொரு முறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால், எடைகளைக் குருட்டாம்போக்கில் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

`ẋ = x + u` என்ற முதல்படி அமைப்பை எடுத்துக்கொள்வோம். இதன் போல், அதாவது `x` பெருகும் அல்லது தேயும் வேகத்தைச் சொல்லும் எண், +1-இல் இருக்கிறது. விட்டுவிட்டால் `x` பெருகிக்கொண்டே போகும். நாம் குறைக்க விரும்பும் செலவு, `qx² + ru²` என்பதன் காலத் தொகை. `x` விலகி நின்றால் `q` தண்டிக்கும், `u`-வை அதிகம் செலவழித்தால் `r` தண்டிக்கும்.

மீதமுள்ள மிகக் குறைந்த செலவு `px²` என்ற வடிவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சிறந்த `u`-வைக் கொடுத்தால், ஒரு கணத்தில் ஆகும் செலவும் `px²` மாறும் வேகமும் சேர்ந்து சுழியாக வேண்டும்:

```
qx² + ru² + 2px(x + u) = 0
```

இடப்பக்கத்தை மிகச் சிறியதாக்குவது `u = −(p/r)x`. அதை உள்ளே போட்டால் `x²` எல்லா உறுப்பிலும் பொதுவாக வந்து விழுந்துவிடும். மிஞ்சுவது ரிக்காட்டி சமன்பாடு:

```
q + 2p − p²/r = 0
```

சரி, `q = 3`, `r = 1` என்று வைப்போம். `p² − 2p − 3 = 0`, அதாவது `p = 3` அல்லது `p = −1`. எதை எடுப்பது? செலவு ஒருபோதும் எதிர்மமாகாது, அதனால் −1 அடிபடுகிறது. தவறி அதை எடுத்தால் `ẋ = 2x` என்று வரும், அமைப்பு முன்பைவிட வேகமாக ஓடிவிடும். கையில் போடுபவர் பிழையைக் கண்டுபிடிக்க இதுவே எளிய சோதனை. `p = 3` என்றால் `u = −3x`, மூடிய வளையத்தின் போல் 1 − 3 = −2.

இப்போது `q`, `r` இரண்டையும் பத்து மடங்காக்கிப் பாருங்கள். `p` 30 ஆகும், ஆனால் கெய்னான `p/r` அதே 3. போல் அசையாது. கணக்கில் வருவது விகிதம் மட்டுமே. பொதுவாக `ẋ = ax + bu` என்றால்:

```
போல் = −√(a² + b²q/r)
```

வர்க்கமூலம் இருப்பதால், வேகம் மலிவாகக் கிடைக்காது. நம் உதாரணத்தில் போலை −2-இலிருந்து −4-க்குத் தள்ள, `q/r` 3-இலிருந்து 15 ஆக வேண்டும். கெய்னும் 3-இலிருந்து 5 ஆகிறது. காகிதத்தில் அது சரிதான், ஆனால் ஆக்சுவேட்டரால் அவ்வளவு `u` தர முடியாமல் போகலாம். `u`-வின் எல்லை 2 என்றால், `x` 2-ஐத் தாண்டிய பின் எந்தக் கெய்னாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ரிக்காட்டிக்கு அந்த எல்லை தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது எதிர்முனைதான். `q`-வைச் சுழியை நோக்கிக் குறைத்தால் போல் −1-ஐ நெருங்கும், அதாவது +1-இன் கண்ணாடி பிம்பத்தை. கெய்ன் 2-க்குக் கீழே இறங்காது. நிலையற்ற அமைப்பை அடக்க எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும். `a = −1` என்று நிலையான அமைப்பாக இருந்திருந்தால், கெய்ன் அப்படியே சுழிக்குப் போயிருக்கும்.