துபாய் விலை, கிருஷ்ணகிரி விலை: லேப்டாப்பில் வரி எங்கே ஏறுகிறது?

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் தங்கை சேர்ந்திருக்கிறாள், அண்ணன் துபாயில் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இங்கே இதே மாடல் ரொம்பக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, அங்கே வாங்காதே" என்று அண்ணன் போனில் சொல்கிறார். "இறக்குமதி வரி போட்டுத் தீட்டுறாங்கப்பா" என்று வீட்டில் பேச்சு. இதில் அண்ணன் சொல்வது பெரும்பாலும் சரி. வீட்டில் சொல்லும் காரணம்தான் சரியில்லை.

லேப்டாப்புக்கு இந்தியாவில் அடிப்படை சுங்கவரி பூஜ்யம். 1996இல் சிங்கப்பூரில் உருவான உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியாவும் சேர்ந்தது. கணினி வகைகளுக்குச் சுங்கவரி போடுவதில்லை என்ற நிலை அதிலிருந்து வந்தது. சுங்கவரியின் மேல் கணக்கிடும் சமூக நல கூடுதல் வரியும் அதனால் பூஜ்யம்தான். துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ கம்பெனி கட்டுவது 18 சதவீத ஐஜிஎஸ்டி. இந்தியாவிலேயே தயாரான லேப்டாப்பை ஓசூரில் வாங்கினாலும் அதே 18 சதவீதம் உண்டு. அதாவது இது இறக்குமதிக்காகப் போடும் தண்டம் இல்லை, எல்லோருக்கும் உள்ள ஜிஎஸ்டி.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். துபாய் கடையில் 3,150 திர்ஹாம் என்று ஒட்டியிருக்கிறது. இதில் அந்த ஊர் 5 சதவீத வாட் சேர்ந்தே இருக்கிறது, அதாவது பொருளின் விலை 3,000, வாட் 150. ஒரு திர்ஹாமுக்கு 24.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்கு எடுத்த விலை, வாங்கும் நாளில் நீங்களே பாருங்கள். திர்ஹாம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டிருப்பதால், டாலர் ஏறினால் இதுவும் ஏறும்.) ஆக துபாய் விலை 77,175 ரூபாய். அதே மாடல் கிருஷ்ணகிரி கடையில் 89,990. வித்தியாசம் 12,815.

இப்போது வாட்டைக் கழித்துவிட்டு, வெறும் பொருளின் விலையான 73,500 ரூபாய்க்கு நம் ஊர் 18 சதவீதத்தைச் சேருங்கள். 13,230 கூடி 86,730 வருகிறது. கிருஷ்ணகிரி விலைக்கும் இதற்கும் மிஞ்சுவது 3,260 ரூபாய்தான். பெரிய வித்தியாசமாகத் தெரிந்ததில் முக்கால்வாசி, அங்கே 5, இங்கே 18 என்ற வரி வித்தியாசம். மீதியில் கடைக்காரரின் லாபம், போக்குவரத்து, ரூபாய் சரியலாம் என்று கம்பெனி முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தொகை எல்லாம் அடங்கும். அமெரிக்க விலையோடு ஒப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் டாலர் விலையில் விற்பனை வரி சேராது, பில் போடும்போதுதான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு விகிதத்தில் சேரும். நம் எம்ஆர்பியோ எல்லா வரியும் சேர்ந்தது.

சரி, அண்ணன் வாங்கி வந்தால் அந்த 18 சதவீதம் கட்ட வேண்டாமா? வேண்டாம். 18 வயது நிறைந்த பயணி ஒருவர் விமானத்தில் தன் உடைமையோடு ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். 2004 முதல் உள்ள சலுகை இது. புதியதாக இருந்தாலும் பொருந்தும். மற்ற பொருட்களுக்கான பொது வரம்பில் இது சேராது, தனிக்கணக்கு. அந்தப் பொது வரம்பு 2016 விதிகளில் 50,000 ரூபாயாக இருந்து, 2026 பிப்ரவரியில் 75,000 ஆனது.

சிக்கல் வருவது இரண்டாவது லேப்டாப்பில்தான். அண்ணன் தோளில் தன் சொந்த லேப்டாப், பெட்டியில் தங்கைக்குப் புதியது. பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கி, வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடக்கும்போது அதிகாரி நிறுத்தினால், ஒன்றுதான் இலவசம், இன்னொன்று பொது வரம்பில் வரும் என்பார். அதே வரம்பில்தான் அத்தர், சாக்லேட், மாமாவுக்கு வாங்கிய போன் எல்லாம் இருக்கின்றன. வரம்பைத் தாண்டிய தொகைக்கு உடைமை வரி உண்டு. அது நீண்ட காலமாக கூடுதல் வரியோடு 38.5 சதவீதமாக இருந்துவந்தது. பழைய லேப்டாப்பை இந்தியாவிலிருந்தே எடுத்துப் போயிருந்தால், புறப்படும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. திரும்பும்போது அது நம் ஊரிலிருந்து போனது என்று காட்ட அந்தச் சான்று போதும். கூட வருபவரின் வரம்பை நம் வரம்போடு கூட்டிக்கொள்ளவும் முடியாது.

கூரியரில் அனுப்பலாமே என்று தோன்றும். 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று அறிவித்தபோது, தபாலிலோ கூரியரிலோ வரும் ஒரு லேப்டாப்புக்கு விலக்கு கொடுத்தது. ஆனால் அந்த விலக்கு உரிமத்துக்குத்தான், வரிக்கு இல்லை. பயணியின் சலுகை கூரியருக்குப் பொருந்தாது. நம் கணக்கில் 77,175 ரூபாயோடு கூரியர் செலவு 4,000 என்று சேர்த்தால் சுங்க மதிப்பு 81,175. அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் மதிப்பு போடுவார்கள். மாற்று விகிதமும் கூகுளில் பார்ப்பது இல்லை, சுங்கத்துறை அறிவிக்கும் விகிதம். அதற்கு 18 சதவீதம் சேர்ந்து சுமார் 95,787 ஆகிறது. கிருஷ்ணகிரிக் கடையே மேல். கூரியர் கம்பெனி இதைத் தனிநபர் பயன்பாட்டுப் பொருள் என்ற தலைப்பில் காட்டிவிட்டால் சுங்கவரியும் கூடவே வரும்.

கையில் கொண்டுவந்தாலும் 12,815 முழுதாக மிஞ்சுமா என்பது யார் பணம் கட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. அண்ணன் திர்ஹாம் சம்பளத்தில் வாங்கினால் மிஞ்சும். இந்திய கிரெடிட் கார்டில் தேய்த்தால், 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறக்குறைய 3,190 ரூபாய் போய்விடும். சுற்றுலா போனவர் விமான நிலையத்தில் வாட் தொகையில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். அங்கே குடியிருப்பு விசாவில் இருக்கும் அண்ணனுக்கு அது கிடையாது.

அப்புறம் வாரன்டி. சில கம்பெனிகள் உலகம் முழுவதும் தருகின்றன, சில வாங்கிய நாட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். அதனால் பில் போடும் முன் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு நான்கு வருடம் உழைக்க வேண்டிய பொருள் இது. ஒரு மதர்போர்டு போனால் மிச்சம் பிடித்த பணம் அப்படியே கரைந்துவிடும். அரபி எழுத்துள்ள கீபோர்டா என்றும் பார்க்க வேண்டும். பிளக் தடிமனான மூன்று பின்னோடு வரும், அது அடாப்டரில் தீர்கிற விஷயம்.

வாங்குவது தர்மபுரியில் கம்ப்யூட்டர் சென்டரோ ஆடிட் ஆபீஸோ நடத்துபவர் என்றால் கணக்கே வேறு. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் தன் எண்ணைப் போட்ட பில்லோடு தொழிலுக்காக வாங்கினால், 89,990இல் அடங்கிய 13,727 ரூபாய் வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இது இல்லை. எடுக்க முடிந்தவருக்கு உண்மையான செலவு 76,263. துபாய் பில் 77,175.