பிஸ்மி ஓதுறதுன்னா என்ன? பிஸ்மில்லா கானிங்கிற பேரும் அதுக்கு நம்ம தமிழ்ச் சொல்லும்

சில அழைப்பிதழ்ல "பிஸ்மில்லா க்வானி"ன்னு போட்டிருப்பாங்க, சிலதுல "பிஸ்மில்லா குவானி", இன்னும் சிலதுல "தஸ்மியா கானி". எல்லாம் ஒரே விசேஷம்தான், பிள்ளைக்கு முதன்முதலா குர்ஆன் பாடம் தொடங்கி வைக்கிற நாள். தமிழ் பேசுற முஸ்லிம் வீட்டுல பெருசா பேர் எல்லாம் வைக்காம "பேரனுக்கு பிஸ்மி ஓதிக்குடுக்கிறோம், வந்துருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

முதல்ல சொல்லைப் பிரிச்சுப் பாப்போம். முன்பாதி அரபி. 'பி'ன்னா "கொண்டு, -ஆல்", 'இஸ்ம்'னா பேர், அப்புறம் அல்லாஹ், ஆக "அல்லாஹ்வின் பெயரால்". பின்பாதி பாரசீகம், க்வாந்தன்னா படிக்கிறது, ஓதுறது, அதுலேர்ந்து வந்தது 'கானி'. எழுத்துல நடுவுல ஒரு 'வ' இருக்கும், வாயில வராது, அதனாலதான் நம்மாளுங்க ஒருத்தர் க்வானின்னும் ஒருத்தர் குவானின்னும் எழுதுறாங்க. உருது பேசுற வீடுங்க வழியா இந்தப் பேர் நம்மகிட்ட வந்துச்சு. தஸ்மியாவும் 'இஸ்ம்' இருக்கிற அதே வேர்தான், பேர் சொல்றதுன்னு அர்த்தம்.

தமிழ்ல இதுக்கு என்ன சொல்லலாம்னு கேட்டா புதுசா ஒண்ணும் உருவாக்க வேண்டாம்ங்க, நம்ம பாட்டிமார் வாயிலேயே இருக்கு, 'ஓது'. குர்ஆனை நாம வாசிக்கிறோம்னு சொல்றதில்ல, ஓதுறோம்னுதான் சொல்றோம். குர்ஆங்கிற பேரே ஓதுறதுங்கிற வேர்லேர்ந்து வந்ததுதான், கி.பி. 610 வாக்குல முதல்ல இறங்கின சொல் "இக்ரஃ", அதையும் தமிழ்ல "ஓதுவீராக"ன்னே பெயர்க்கிறாங்க. வள்ளுவர் "மறப்பினும் ஓத்துக் கொளலாகும்"னு எழுதினது வேதம் ஓதுறதைப் பத்தி, தேவாரம் பாடுறவரும் ஓதுவார். கேரளாவுல மாப்பிள்ளைமார் குர்ஆன் சொல்லிக்குடுக்கிற இடத்துக்கு ஓத்துப்பள்ளின்னே பேர் வச்சிருக்காங்க. அதனால பேச்சுக்கு "பிஸ்மி ஓதுதல்", பத்திரிகைல அடிக்க "ஓதத் தொடங்கும் விழா", என் கணக்குல இது ரெண்டும் போதும். சிலர் வித்யாரம்பம்னு போடுறாங்க, அது வேற சமயத்துச் சடங்கோட பேர், இங்க பொருந்தாது.

எந்த வயசுல வைக்கிறதுன்னா உருது வீடுகள்ல 4 வருஷம் 4 மாசம் 4 நாள்னு ஒரு கணக்கு உண்டு. பிறை மாசக் கணக்குல பாக்குறதா இங்கிலீஷ் மாசத்துல பாக்குறதான்னு அதுலயே ஒரு தகராறு வரும். உதாரணத்துக்கு 2021 மார்ச் 10ல பிறந்த பிள்ளைன்னு வைங்க, இங்கிலீஷ் கணக்குப்படி 2025 ஜூலை 14, ஆனா பிறைக் கணக்குல வருஷத்துக்கு சுமார் 11 நாள் குறையும், அதனால மே மாசக் கடைசிலயே அந்த நாள் வந்துடும், ஏறக்குறைய ஒன்றரை மாசம் வித்தியாசம். இந்த 4-4-4க்கு குர்ஆன்லயோ ஹதீஸ்லயோ ஆதாரம் கிடையாது, முகலாயர் காலத்திலேயே இருந்த பழக்கம். அக்பருக்கும் இப்படி நாள் நேரம் எல்லாம் பாத்து வச்சிருந்தப்ப அந்த நேரத்துக்குப் பையன் விளையாடப் போய் ஒளிஞ்சுக்கிட்டதா அக்பர் வரலாற்றை எழுதின அபுல் ஃபஸல் எழுதி வச்சிருக்கார். மார்க்கத்துல இல்லாததுன்னு விழாவே வைக்காம பிள்ளைய நேரா மதரஸாவுல சேர்த்து விடுற வீடுகளும் நிறைய இருக்கு.

விழான்னு வச்சா நடக்கிறது இதுதான். பிள்ளைய குளிப்பாட்டி புதுத் துணி போட்டு, பையன்னா தொப்பி, பொண்ணுன்னா தலையில முக்காடு, கழுத்துல பூமாலை. ரெஹால் பலகைல குர்ஆனோ அரபி எழுத்துப் பாடப் புத்தகமான காயிதாவோ விரிச்சு வச்சு, ஓதிக்குடுக்கிற ஹஜ்ரத் ஒரு பக்கம், தாத்தா மடியில பிள்ளை ஒரு பக்கம். ஹஜ்ரத் முதல்ல "அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்" சொல்லுவார், அடுத்து பிஸ்மி, அப்புறம் "ரப்பி யஸ்ஸிர் வலா துஅஸ்ஸிர் வதம்மிம் பில் கைர்", அதாவது "இறைவா லேசாக்கித் தா, கஷ்டமாக்கிடாதே, நல்லபடியா முடிச்சு வை". பிறகு இக்ரஃ சூராவோட முதல் 5 வசனம், இல்ல அல்ஹம்து சூரா, கடைசியா அலிஃப் எழுத்து மேல பிள்ளை விரலைப் பிடிச்சு வச்சு "அலிஃப்"னு சொல்ல வைப்பார். அஞ்சு வசனத்தையும் நாலு வயசுப் பிள்ளை முழுசா சொல்லணும்னு யாரும் எதிர்பாக்கிறதில்ல, பாதிலயே இனிப்புத் தட்டைப் பாக்க ஆரம்பிச்சிடும்.

பிஸ்மிய எப்படி உடைச்சுச் சொல்லிக்குடுக்கிறாங்கங்கிறதுதான் கவனிக்க வேண்டியது. தமிழ்ல நாம "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்"னு எழுதுறோம், அதைப் பாத்து வீட்ல அம்மா "பிஸ்மில்லாஹிர்"னு நிறுத்திச் சொல்லிக்குடுப்பாங்க. ஆனா அந்த 'ர்' அல்லாஹ்ங்கிற சொல்லோடது இல்ல, அடுத்த சொல்லான அர்ரஹ்மான்ல இருக்கிற ரெட்டை ர-வோட முதல் பாதி. எழுத்துல 'அல்-ரஹ்மான்'னுதான் இருக்கும், ர-க்கு முன்னாடி 'ல்' போய் ர-வே ரெட்டிச்சிடும். அதனால பிள்ளை அங்க மூச்சு விட்டா "பிஸ்மில்லாஹ்"னுதான் நிக்கணும். "பிஸ்மில்லாஹி... ர்ரஹ்மானி... ர்ரஹீம்"னு மூணு துண்டா சொல்லிக்குடுத்தா சரியா வரும்.

ஹ விஷயம் இன்னொண்ணு. அல்லாஹ்ல வர்ற ஹ தொண்டை அடியிலேர்ந்து வர்ற லேசான காத்து, ரஹ்மான்லயும் ரஹீம்லயும் வர்றது தொண்டை நடுவுலேர்ந்து இறுக்கி வர்ற வேற எழுத்து. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே ஹ, அதனால தமிழ் எழுத்துல பாத்துப் படிச்ச பிள்ளை ரெண்டையும் ஒண்ணா சொல்லும், இல்லன்னா "ரக்மான்"னு சொல்லும். பாங்குல "அல்லாஹு அக்பர்" தடிச்ச ல-வோட கேட்டுப் பழகின பிள்ளை பிஸ்மிலயும் அதே மாதிரி தடிச்சுச் சொல்லும், ஆனா முன்னாடி இகரம் வந்தா அந்த ல மெல்லிசாதான் வரணும். விழா அன்னைக்கு யாரும் இதைத் திருத்த மாட்டாங்க, சந்தோஷமா தலைல கை வச்சு துஆ செஞ்சு விட்டுடுவாங்க, திருத்தம் எல்லாம் அடுத்த வாரம் காயிதா பாடத்துல ஆரம்பிக்கும்.

ஓதி முடிச்சதும் ஹஜ்ரத் துஆ கேப்பார், எல்லாரும் ஆமீன், அப்புறம் லட்டோ சர்க்கரையோ முதல்ல பிள்ளை வாயில. பாட்டி மாமா எல்லாரும் கைல காசு வைப்பாங்க, ஹஜ்ரத்துக்கு துணியும் ஹதியாவும், வந்தவங்களுக்கு சாப்பாடு. வசதி இல்லாத வீட்ல சீனி மிட்டாய் பொட்டலத்தோட முடிஞ்சிடும், அதுல ஒரு குறையும் இல்ல.

கடைசியா ஒரு குழப்பம். இதையும் குர்ஆன் தமாமையும் ஒண்ணுன்னு நினைச்சு வாழ்த்து சொல்றவங்க இருக்காங்க. தமாம்னா குர்ஆனோட 30 ஜுஸ்உம், அதாவது 30 பாகமும், பாத்து ஓதி முடிச்ச பிறகு வைக்கிறது, சில ஊர்ல கத்தம்னும் சொல்லுவாங்க, அதுக்குள்ள பிள்ளைக்கு சாதாரணமா எட்டு பத்து வயசு ஆகியிருக்கும். அழைப்பிதழ்ல பிஸ்மின்னு இருந்தா இப்பதான் அலிஃப் தொடங்குதுன்னு அர்த்தம், அந்தப் பிள்ளைகிட்ட போய் "எத்தனை சூரா தெரியும், ஓது பாப்போம்"னு கேக்காதீங்க.