பெட்டி ஒத்துப்போனது, பணம் போய்க்கொண்டே இருந்தது

கடந்த மாதம் ஓர் இளம் தணிக்கையாளர் தம் பணித்தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். சில்லறை ரொக்கம் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "ரொக்கம் எண்ணப்பட்டது, ஏட்டுடன் ஒத்துப்போகிறது." அவர் எண்ணியது சரி. ஒத்துப்போனதும் உண்மை. ஆனால் அதே பெட்டியிலிருந்து ஐந்து மாதங்களாகப் பணம் வெளியே போய்க்கொண்டிருந்தது. இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்த மூன்றாவது பணித்தாள் இது.

ஒத்துப்போனால் எல்லாம் சரி என்ற நம்பிக்கையை முதலில் கைவிடுங்கள். சில்லறை ரொக்கத்தைப் பெரும்பாலான இடங்களில் முன்பண மீட்பு முறையில்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு நிலையான தொகையைக் காப்பாளரிடம் கொடுக்கிறார்கள். செலவானதற்கு அவர் வவுச்சர்களைக் காட்டி, அதே அளவு பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். நான் சொல்லும் நிறுவனத்தில் நிலையான தொகை 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன்). எண்ணிய அன்று கையில் 11,640 இருந்தது. இன்னும் மீட்கப்படாத வவுச்சர்கள் 6,860. ஊழியர் ஒருவர் எழுதிக்கொடுத்த முன்பணச் சீட்டு 1,500. கூட்டினால் 20,000. துல்லியமாக ஒத்துப்போகிறது.

இப்போது அந்த 6,860இல் 1,900 பொய்யான வவுச்சர்கள் என்று வையுங்கள். கூட்டுத்தொகை மாறுமா? மாறாது. பெட்டியிலிருந்து 1,900 எடுத்தவர் அதற்கு ஈடாக 1,900க்குச் சீட்டு வைத்துவிட்டார். கணக்கு எப்படி உதைக்கும்? பணமும் தாளும் சேர்ந்து நிலையான தொகைக்குச் சமம் என்பதை மட்டுமே எண்ணிக்கை காட்டுகிறது. அந்தத் தாள் உண்மையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. எண்ணும்போது பணம் குறைந்தால் அது பெரும்பாலும் கவனக்குறைவு. திட்டமிட்டு எடுப்பவர் பெட்டியைக் குறையவே விடமாட்டார்.

அதனால் தணிக்கைத் திட்டம் எழுத உட்காரும்போது வேலைகளைப் பட்டியலிடாதீர்கள். முதலில் கேள்விகளை எழுதுங்கள். சில்லறை ரொக்கத்துக்கு மூன்று கேள்விகள் போதும். பணம் உண்மையிலேயே இருக்கிறதா? செலவு உண்மையிலேயே நிறுவனத்துக்காக நடந்து, உரியவர் ஒப்புதலும் பெற்றதா? மீட்புத் தொகை ஒரே செலவுக்கு இருமுறை போகாமல், வங்கியிலிருந்து எடுத்தபடியே முழுவதும் பெட்டிக்கு வந்ததா? ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே சோதனை, எத்தனை உருப்படிகள், யார் செய்தார், எந்தப் பணித்தாள் என்று குறியுங்கள். இரண்டு பக்கத்தைத் தாண்டாது.

முதல் கேள்விக்கு எண்ணிக்கைதான் பதில். ஆண்டில் இரண்டு முறை, முன்னறிவிப்பு இல்லாமல் எண்ணுங்கள். காப்பாளர் உங்கள் முன்னால் எண்ணட்டும், நீங்கள் பாருங்கள், முடிவில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெட்டியோடு தனியாக ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள். இது உங்கள் பாதுகாப்புக்கும்தான். அவர் பொறுப்பில் வேறு ரொக்கம் ஏதும் இருந்தால் அதையும் அதே நேரத்தில் எண்ணுங்கள், இல்லாவிட்டால் ஒரு பெட்டியின் பணம் இன்னொரு பெட்டிக்குக் கைமாற்றாக வந்துவிடும். முன்பணச் சீட்டின் தேதியையும் பாருங்கள். நான்கு மாதப் பழைய சீட்டு, பெயர்தான் முன்பணம். உண்மையில் யாரோ வாங்கிய கடன்.

மூன்றாவது கேள்வி எளிது. 12 மீட்புகளில் ஆண்டின் கடைசி மீட்போடு சேர்த்து மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வவுச்சர்களின் கூட்டல், ஒப்புதல் தேதி, வங்கியிலிருந்து எடுத்த தொகை, ஏட்டின் வரவு இந்த நான்கையும் ஒப்பிடுங்கள். இணைத்த ரசீதுகளில் 'செலுத்தப்பட்டது' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத ரசீது அடுத்த மாதமும் பணம் கேட்டு வரலாம்.

இரண்டாவது கேள்வியில்தான் ஆரம்பநிலையில் இருப்பவர்கள் தடுமாறுகிறார்கள். எத்தனை வவுச்சர் பார்ப்பது? ஆண்டு முழுவதற்கும் 432 வவுச்சர்கள் இருந்தன. 25 எடுக்கலாம். 432ஐ 25ஆல் வகுத்தால் இடைவெளி 17. ஒன்றிலிருந்து 17க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். 9 வந்தால் 9, 26, 43 என்று போய் 417இல் முடியும். 426 முதல் 432 வரை உள்ள ஏழுக்கு இந்த முறையில் வாய்ப்பே வராது. அவை ஆண்டின் கடைசி நாள்களுக்கு உரியவை, ஆகவே நான் ஏழையும் தனியாகப் பார்த்துவிடுவேன். கட்டிலிருந்து கைக்கு வந்ததை உருவுவது மாதிரித் தேர்வு ஆகாது என்பதை எத்தனை முறை சொல்வது!

அந்த 25இலும் ஒரு குறையும் இல்லையென்றால் என்ன சொல்லலாம்? மொத்தத்தில் குறையுள்ளவை சுமார் 11%க்கு மேல் இராது என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம். அவ்வளவுதான். 5% என்று சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 60 பார்க்க வேண்டும். தொகை சிறியது என்பதால் வழக்கமான பிழைகளுக்கு 25 போதும் என்பது என் கருத்து. மோசடிக்கு அது போதாது.

ஏன் என்று இந்த நிறுவனத்தையே பாருங்கள். பொய் வவுச்சர்கள் 14. 432இல் 25ஐ எடுத்தால் அந்தப் பதினான்கில் ஒன்றுகூட அகப்படாமல் போக 40%க்கும் அதிக வாய்ப்பு உண்டு. ஒன்று அகப்பட்டாலும் பயனில்லை. தனியாகப் பார்த்தால் அது குறையே இல்லாத வவுச்சர்: பில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, தொகை சரி.

அங்கே ஒரு வவுச்சரின் உச்சவரம்பு 1,000. அதற்கு மேல் போனால் மேலாளர் ஒப்புதல் வேண்டும். எனவே நான் ஏட்டைத் தொகை வாரியாக வரிசைப்படுத்தி, 900க்கும் 1,000க்கும் இடைப்பட்ட 31 வவுச்சர்களையும் எடுக்கச் சொன்னேன். இது அந்த 25க்கு மேல் தனியாகச் செய்யும் தேர்வு. இதன் முடிவை 25இன் விகிதத்தோடு கலக்கக் கூடாது. 31 பில்களையும் மேசையில் பரப்பியதும் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. பதினான்கு பில்கள் ஒரே கடையுடையவை. ஐந்து மாத இடைவெளியில் தேதிகள் சிதறிக் கிடந்தன, ஆனால் பில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. ஐந்து மாதமும் அந்தக் கடை வேறு எவருக்கும் எதுவும் விற்கவில்லையா? கடைக்காரரின் வெற்று பில் புத்தகம் ஒன்று காப்பாளரின் இழுப்பறையில் இருந்தது.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் காப்பாளரிடம் நேரே போய்க் கேட்காதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு உங்கள் மேலாளரிடம் போங்கள். பொருள் வந்ததா என்று அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டிய பிரிவில் விசாரிப்பது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். தேர்ந்தெடுத்த 25இல் 213ஆம் வவுச்சர் கோப்பில் இல்லையென்றால், 214ஐ எடுத்து எண்ணிக்கையை நிரப்பாதீர்கள். அந்த இளைஞரின் முன்னோடி போன ஆண்டு அப்படித்தான் செய்திருந்தார். இல்லாத வவுச்சர் ஒரு குறைபாடு. அதை அப்படியே எழுதி, காரணம் கேட்டு, தேவைப்பட்டால் மாதிரியைக் கூட்டுங்கள்.