ஒரு கட்டுரைக்குப் பின்னால் யார் வந்தார்கள்?

வணக்கம். நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்குவது உங்களுக்குப் புதிதில்லை. வீட்டுப் பக்கத்து நூலகத்தில் சின்ன வயதிலேயே பழகியிருப்பீர்கள். அதனால் அதை விட்டுவிடுகிறேன். கல்லூரி நூலகம் சந்தா கட்டி வைத்திருக்கும் ஆய்வுத் தரவுத்தளங்கள் செய்யும் ஒரே ஒரு வேலையை மட்டும் இன்று காட்டுகிறேன்: ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னால் வந்தவர்களில் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கண்டுபிடிப்பது.

உயிரியல் பாடத்தில் ஓர் ஒப்படைப்பு என்று வைத்துக்கொள்வோம்: சிங்கப்பூரில் இத்தனை கொசு ஒழிப்பு நடந்தும் டெங்கி ஏன் திரும்பத் திரும்பத் தலைதூக்குகிறது? கேள்வியை முழு வாக்கியமாக அடிக்க வேண்டாம். இப்படி அடியுங்கள்:

```
dengue AND Singapore AND ("vector control" OR "mosquito control")
```

AND போட்டால் எல்லாமே இருக்க வேண்டும், OR போட்டால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். மேற்கோள் குறிக்குள் போட்ட சொற்கள் பிரியாமல் சேர்ந்தே வர வேண்டும். இந்தத் தேடலில் கிடைப்பவற்றில் `Dengue Prevention and 35 Years of Vector Control in Singapore` என்ற கட்டுரையை எடுத்துக்கொள்வோம். 2006இல் ஊய் எங் இயோங், கோ கீ தை, டுவேன் கப்ளர் மூவரும் எழுதியது. சுமார் 15 ஆண்டுகள் அடங்கியிருந்த டெங்கி ஏன் மீண்டும் கிளம்பியது என்பதற்கு அவர்கள் சில காரணங்களைச் சொல்கிறார்கள். மக்களிடம் ஒட்டுமொத்த எதிர்ப்புச் சக்தி குறைந்தது, வீட்டுக்கு வெளியே தொற்றுப் பரவியது, நோயாளி தென்பட்ட பிறகே கொசுவைத் தேடிப் போகும் முறைக்கு மாறியது போன்றவை.

சரி, இதற்கு முன்பு யார் என்ன சொன்னார்கள்? அது கட்டுரையின் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலிலேயே இருக்கிறது. அச்சிட்ட தாளிலும் அதைப் பார்க்கலாம். ஆனால் 2006க்குப் பிறகு இந்தக் காரணங்களை யார் ஏற்றார்கள், யார் மறுத்தார்கள்? அது அந்தத் தாளுக்குத் தெரிய வழியே இல்லை. தரவுத்தளத்துக்குத் தெரியும்.

எப்படி? ஒவ்வொரு புதிய கட்டுரையும் உள்ளே வரும்போது அதன் மேற்கோள் பட்டியலைக் கணினி ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம் என்று பிரித்துக்கொள்கிறது. ஏற்கெனவே உள்ள பதிவு ஒன்றுடன் அவை பொருந்தினால் இரண்டுக்கும் இணைப்புப் போடுகிறது. அப்புறம் அந்த இணைப்பை எதிர்ப்பக்கமிருந்து படித்தால் போதும், பழைய கட்டுரையின் பக்கத்திலேயே அதற்குப் பின்னால் வந்தவர்களின் பட்டியல் தயார். யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் இதை 1955இலேயே முன்மொழிந்தார். 1964இல் அது தடித்தடியான அச்சுத் தொகுதிகளாக வெளிவந்தது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வாரிசு. இதே வேலையைச் செய்யும் ஸ்கோப்பஸ், கூகல் ஸ்காலர் என்ற தளங்கள் இரண்டும் 2004இல் வந்தவை.

`Cited by` என்ற இணைப்பை அழுத்தி, வரும் பட்டியலுக்குள் மட்டும் `Wolbachia` என்று மறுபடி தேடுங்கள். வொல்பாக்கியா என்ற கிருமி ஏற்றிய ஆண் கொசுக்களை, அவற்றுடன் சேரும் பெண் கொசுக்களின் முட்டைகள் பொரியாமல் போகட்டும் என்று வெளியில் விடும் முயற்சி இங்கே 2016இல் பிரேடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் வட்டாரங்களில் தொடங்கியது. அத்தகைய ஆய்வுகள் பழைய கொசு ஒழிப்பு முறையை எப்படி எடைபோடுகின்றன என்று இந்த வழியில் பார்க்கலாம். ஒப்படைப்பின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரே கட்டுரைக்கு மூன்று தளங்களும் மூன்று எண்ணைக் காட்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் சேர்த்திருக்கும் இதழ்கள் வேறு. திட்டி எழுதினாலும் மேற்கோள்தான். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டின் வேக்ஃபீல்டு கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. அதன் பிறகும் அது மேற்கோள் காட்டப்பட்டது. அப்படிப்பட்ட பதிவின் மேல் பெரும்பாலும் `Retracted` என்று இருக்கும். எண்ணைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் நம்மவர்களுக்கே உரியது. அப்பா பெயரையே தலைப்பெழுத்தாகவும் கடைசிப் பெயராகவும் மாற்றி மாற்றிப் போடுகிறோம் அல்லவா? சுந்தரத்தின் மகள் மாலதி ஓர் இதழில் `Malathi S`, இன்னொன்றில் `Sundaram M`. கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். ஆசிரியர் பெயரில் தேடும்போது இரண்டு வடிவத்தையும் OR போட்டுத் தேடுங்கள். இதைத் தீர்க்கத்தான் 2012 முதல் ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் கொடுக்கப்படுகிறது. ஆனால் அதற்கு முன்பு எழுதியவற்றை ஆய்வாளரே உட்கார்ந்து சேர்த்தால்தான் உண்டு.

கடைசியாக ஒன்று. வீட்டிலிருந்து தேடும்போது ஏதாவது பதிப்பாளரின் பக்கம் காசு கேட்டால் கட்டிவிடாதீர்கள். நீங்கள் நூலக வாசல் வழியாக வரவில்லை என்பதால்தான் பெரும்பாலும் அப்படிக் கேட்கிறது. நூலகப் பக்கத்துக்குத் திரும்பி, கல்லூரிக் கணக்கில் நுழைந்து, அதே தலைப்பை மறுபடி தேடுங்கள். அப்போதும் திறக்கவில்லை என்றால் எங்கள் முகப்புக்கு வாருங்கள். வேறொரு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று பார்க்கலாம்.