கடைசிச் சுற்றில் தவறியவருக்கு எழுதும் மெயில்

ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். முதல் சுற்றிலேயே நின்றுபோனவருக்கு இரண்டு வரி மெயில் போதும், அவரும் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. கடைசிச் சுற்றுவரை வந்தவர் அப்படியல்ல. நான்கு முறை ஏதோ காரணம் சொல்லி லீவு போட்டிருப்பார், எங்களில் ஆறேழு பேரிடம் பேசியிருப்பார். அவருக்கும் அதே இரண்டு வரியை அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை.

ஒருமுறை வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் தேடினோம். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். தேர்வாகாத பெண்ணுக்கு என் குழுவில் இருந்த இளைஞர் எழுதிய வரைவு இது: “உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. பல திறமையானவர்கள் விண்ணப்பித்திருந்த நிலையில், இன்னும் பொருத்தமான ஒருவரைத் தேர்வு செய்துள்ளோம். உங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்போம்.”

மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் போகும். சரி, எந்த இடத்தில் முடிவு மாறியது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மூன்று நேர்காணலாளர்களின் மதிப்பெண் தாள்களை எடுத்துப் பார்த்தோம். ஐந்து அம்சங்களில் நான்கில் இந்தப் பெண் சமமாகவோ மேலாகவோ இருந்தார். ஷிப்ட் திட்டமிடலில்தான் இடைவெளி. அவர் நடத்தியது ஐந்து பேர் கொண்ட பகல் நேரக் குழு, எங்களுடையது மூன்று ஷிப்டில் இருபது பேர். அப்புறம் மெயில் இப்படி மாறியது:

“வணக்கம். மேற்பார்வையாளர் பொறுப்புக்கு வேறொருவரைத் தேர்வு செய்துவிட்டோம். நான்கு சுற்றுகளுக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி.

கோபமாகப் பேசிய வாடிக்கையாளரை நீங்கள் கையாண்ட பயிற்சியில், தீர்வு சொல்லும் முன் அவருடைய புகாரைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டீர்கள். நேர்காணல் செய்த மூவரும் இதைத் தனித்தனியே குறித்திருந்தார்கள். முடிவைத் தீர்மானித்தது ஷிப்ட் திட்டமிடல். இரவு ஷிப்டில் இருவர் திடீரென்று வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, பகல் குழுவிலிருந்து ஆள் மாற்றுவதாகச் சொன்னீர்கள். அதனால் மறுநாள் காலை ஏற்படும் பற்றாக்குறைக்கு உங்கள் பதிலில் ஏற்பாடு இல்லை. இந்தப் பொறுப்பில் அது தினசரி வேலை.

இதைப் பற்றிப் பேச விரும்பினால் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள், நானே அழைக்கிறேன்.”

முடிவு முதல் வரியிலேயே இருக்கிறது. பாராட்டில் தொடங்கி நாலாவது வரியில் ‘ஆனால்’ போட்டால், படிப்பவர் அந்த ‘ஆனால்’ எங்கே என்றுதான் தேடுவார், பாராட்டு காதில் விழாது. “எங்களுக்கும் கடினமான முடிவு” என்பதையும் விட்டுவிட்டேன். வேலை கிடைக்காதவரிடம் போய் நம் கஷ்டத்தைச் சொல்வானேன்? விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்போம் என்பதையும் எடுத்துவிட்டேன். அப்படி வைத்து யாரும் திரும்பப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

காரணம் சொல்லும் வரிதான் கஷ்டம். நானே அதில் தவறியிருக்கிறேன். முன்பு ஒருவருக்கு “தலைமைப் பண்பு போதவில்லை” என்று எழுதினேன். ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. என் குறிப்பில் அதற்கு ஆதாரமே இல்லை, நேர்காணல் செய்த ஒருவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அன்றிலிருந்து நேர்காணலில் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது எதுவோ அதை மட்டும், அந்த வேலையோடு சேர்த்து எழுதுகிறேன். ஆளைப் பற்றிய தீர்ப்பு கிடையாது. தேர்வானவரோடு ஒப்பிடுவதும் கிடையாது, அது அவருடைய அந்தரங்கம். பட்ஜெட் குறைந்ததால் இடமே இல்லாமல் போனதென்றால் அதையே எழுதுகிறேன். இல்லாத குறை ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னால், அந்த மனிதர் அதைத் திருத்திக்கொண்டு அலைவார்.

உண்மையான காரணம் எழுத முடியாததாக இருந்தால்? வயது, கைக்குழந்தை என்று யாராவது முணுமுணுத்திருந்தால், மெயிலின் வார்த்தையை மாற்றிப் பயனில்லை. முடிவையே திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும்.

எப்போது அனுப்புவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் தேர்வானவர் கையெழுத்துப் போடும் முன் பின்வாங்கலாம், அப்போது இரண்டாமவர் தேவை. அதனால் காத்திருக்கிறோம். அதில் தவறில்லை, ஆனால் சத்தமே இல்லாமல் காத்திருக்க வைப்பது தவறு. “இன்னும் முடிவாகவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்” என்று எழுதிவிடுவேன். வெள்ளிக்கிழமையும் முடிவாகவில்லையென்றால் அதையும் அன்றே எழுதுவேன்.

அந்தப் பெண் மறுநாள் பதில் எழுதினார். பகல் குழுவைத் தொடாமல் அந்த இரவை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டிருந்தார். எங்கள் ஷிப்ட் பொறுப்பாளரையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினோம். மாற்று ஆட்களின் பட்டியலை வாரத் தொடக்கத்திலேயே எப்படிப் போட்டு வைக்கிறோம் என்று அவர் விளக்க, இந்தப் பெண் குறித்துக்கொண்டார்.