கயிறு பிரேக் சோதனை: ஸ்பிரிங் தராசை எப்போது பார்க்கிறீர்கள்?

பினாங்கில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் டிப்ளோமா மாணவர்கள் சூத்திரத்தில் தடுமாறுவதில்லை. ஸ்பிரிங் தராசை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். விடை தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

எஞ்சினின் திறனை அளக்கும் இந்தச் சோதனையின் அமைப்பு எளிது. எஞ்சின் தண்டில் ஒரு டிரம், அதைச் சுற்றி ஒரு கயிறு. கயிற்றின் ஒரு முனையில் எடைக்கற்கள், மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. எடையிலிருந்து தராசின் அளவைக் கழித்தால் கிடைப்பதுதான் எஞ்சின் உண்மையில் இழுக்கும் சுமை.

ஓர் உதாரணம். டிரம்மின் விட்டம் 200 மி.மீ., கயிற்றின் தடிமன் 20 மி.மீ. விசை கயிற்றின் நடுவில் செயல்படுவதால் ஆரத்தை 110 மி.மீ. என்று எடுக்க வேண்டும். 100 என்று எடுத்தால் திறன் பதினொன்றில் ஒரு பங்கு அப்படியே காணாமல் போகும். எடை 9 கிலோ, தராசு 1.5 கிலோ, வேகம் நிமிடத்துக்கு 2000 சுற்று. பியூரெட்டில் 10 சி.சி. பெட்ரோல் இறங்க 40 வினாடி. பெட்ரோலின் அடர்த்தியை சி.சி.க்கு 0.74 கிராம் என்றும், வெப்ப மதிப்பை கிராமுக்கு 44 கிலோஜூல் என்றும் வைத்துக்கொள்வோம். BP என்பது தண்டில் கிடைக்கும் திறன், BTE என்பது எரிபொருள் தரும் வெப்பத்தில் எத்தனை சதவீதம் அந்தத் திறனாகிறது என்பது.

```
BP = 2π × 2000 × (9 − 1.5) × 9.81 × 0.11 / 60 ≈ 1695 W
எரிபொருள் = 10 × 0.74 × 44000 / 40 = 8140 W
BTE = 1695 / 8140 ≈ 20.8 %
```

சிறிய எஞ்சினுக்கு நம்பக்கூடிய விடைதான். ஆனால் அந்த 40 வினாடியும் தராசு 1.5-லேயே நின்றதா?

டிரம் சூடாகிறது. குளிர்விக்க விளிம்புக்குள் விடும் தண்ணீர் கொஞ்சம் தெறித்து கயிற்றை நனைக்கிறது. உராய்வு குறைந்தால் தராசின் முள் ஏறும். முடிவில் அது 2.5-ல் நின்றால், சராசரி 2 கிலோ, சுமை 7.5 அல்ல, 7. திறன் 1582 வாட்டாகவும், BTE 19.4 சதவீதமாகவும் இறங்கிவிடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் உள்ள எஞ்சினில் வேகம் அவ்வளவாக மாறாது என்பதால் டேக்கோமீட்டரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் ஸ்டாப்வாட்ச்சை ஒருவர் பிடிக்கட்டும், தராசை இன்னொருவர் பார்க்கட்டும். எரிபொருள் அளவு தொடங்கும்போது, நடுவில், முடியும்போது என்று மூன்று முறை குறிக்கச் சொல்லுங்கள். மூன்றும் அதிகம் விலகினால் சராசரி எடுத்துச் சமாளிக்க வேண்டாம். கயிற்றைக் காயவைத்து, சூடு நிலைத்த பிறகு மறுபடி எடுப்பதே சரி.

உராய்வு திடீரென்று கூடினால் நிலைமை வேறு. கயிறு டிரம்மோடு ஒட்டிக்கொண்டு எடைத்தட்டை மேலே இழுத்துவிடும். தட்டைத் தரையோடு சங்கிலியால் கட்டி வையுங்கள், முள் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். டிரம் சுற்றும்போது கயிற்றைக் கையால் சரிசெய்யவே கூடாது. நின்ற பிறகும் கொஞ்சம் பொறுங்கள்: வேகம் குறையும்போது விளிம்புத் தண்ணீர் வெளியே கொட்டும், தரை வழுக்கும்.