முதல் மின்னஞ்சலில் உங்கள் கதை வேண்டாம்

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் என் வாடிக்கையாளர் ஒருவர் சென்ற வாரம் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். மூன்று வடிவமைப்பாளர்கள் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். மூன்றும் 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மா' என்று தொடங்கின. மூன்றிலும் படித்த கல்லூரி, தெரிந்த மென்பொருள்கள், ஐந்து வருட அனுபவம். ஒன்றில் பதினெட்டு எம்பி இணைப்பு. "இவர்களுக்கு என்ன வேண்டும், தம்பி?" என்று கேட்டார். அவர் விற்பது ஏலக்காய் என்பதுகூட அந்த மூன்றில் எதிலும் இல்லை.

அவற்றில் ஒன்றை அனுப்பியது கூடலூர்ப் பெண். எனக்குத் தெரிந்தவள், நன்றாக வரையக்கூடியவள். எண்பது பேருக்கு அதே கடிதத்தை அனுப்பியும் ஒரு பதிலும் வரவில்லை என்று சோர்ந்திருந்தாள். இந்த மாதத்தில் இதே குறையோடு என்னிடம் வந்த நான்காவது ஆள் அவள்.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தவறான எண்ணம்: 'நான் யார் என்று முழுதாகச் சொன்னால்தான் நம்பி வேலை கொடுப்பார்கள்.' இல்லை. முன்பின் தெரியாதவரின் வரலாற்றைப் படிக்க யாருக்கும் காரணம் இல்லை. தன் சரக்கைப் பற்றிய ஒரு வரி என்றால் அவர் நின்று படிப்பார். நீங்கள் கவனித்துப் பார்ப்பவர் என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும். பத்து வரிச் சான்றிதழ் காட்டாது. முதல் மின்னஞ்சல் வேலையை வாங்கித் தருவதற்கானது அல்ல. 'ஆமாம்' அல்லது 'வேண்டாம்' என்று ஒரு பதில் வாங்குவதற்கானது.

அவளைக் கடைக்குப் போய் அந்த வியாபாரியின் பவுச்சுகளைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 250 கிராம் பவுச்சின் வடிவத்தையே சுருக்கி 50 கிராம் பவுச்சில் அச்சிட்டிருந்தார்கள். எடை எழுத்து கடுகளவுக்குப் போயிருந்தது. பிறகு அவள் இப்படி எழுதினாள்:

"பொருள்: உங்கள் 50 கிராம் பவுச்சில் எடை எழுத்து

வணக்கம் ஐயா. சனிக்கிழமை குமுளியில் ஒரு கடையில் உங்கள் 50 கிராம் ஏலக்காய் பவுச்சைப் பார்த்தேன். எடை எழுத்து மிகச் சிறியதாக இருப்பதால், கேட்பவர்களுக்கெல்லாம் கடைக்காரர் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எழுத்து கறுப்பில் மட்டும் இருப்பதால் ஒரு சிலிண்டரை மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். நிறமும் சின்னமும் அப்படியே இருக்கலாம். நான் கூடலூரில் மசாலா பவுச்சுகளுக்கு வடிவமைப்பு செய்கிறேன். அடுத்த அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் பற்றிப் பேசலாமா? தேவையில்லை என்றால் ஒரு வார்த்தை போதும்."

கீழே பெயர், தொலைபேசி எண், தான் செய்த ஒரே ஒரு பவுச்சின் படத்துக்கு இணைப்பு. அவ்வளவுதான்.

சிலிண்டர் வரியை நான்தான் சேர்க்கச் சொன்னேன். இந்தப் பவுச்சுகளை அச்சிடும் கிராவூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். 'முழுவதும் மாற்றித் தருகிறேன்' என்று படித்ததும் முதலாளியின் மனதில் ஓடுவது அந்தச் செலவும், கிடங்கில் மீதம் இருக்கும் பழைய பவுச்சும்தான். 'அடுத்த அச்சுக்கு முன்' என்றதும் அவருக்கு மூச்சு வரும்.

எடை எழுத்தின் உயரத்துக்குச் சட்டத்தில் அளவு இருக்கிறது. உங்களுக்கு அது தெரிந்திருக்கலாம். ஆனால் முதல் கடிதத்தில் அதைச் சொல்லாதீர்கள், மிரட்டுவதுபோல் இருக்கும். கேட்காமலே அவருடைய சின்னத்தைத் திருத்தி வரைந்தும் அனுப்பாதீர்கள். அதை அவருடைய மைத்துனர் வரைந்திருப்பார்.

ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி ஊருக்கெல்லாம் அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். வாரத்துக்கு ஐந்து பேருக்கு எழுதினால் போதும். இந்தப் பக்கம் முதலாளிகள் பலர் தமிழ் பேசுவார்கள். ஆனால் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் படிப்பார்கள். அவருடைய இணையப் பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்து அதில் எழுதுங்கள். புற்றடியிலோ போடியிலோ ஏலக்காய் ஏலம் நடக்கும் நேரத்தில் அவர் கண் விலைத் திரையில் இருக்கும். அப்போது அனுப்ப வேண்டாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து அதே கடிதத்தின் கீழேயே இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தயவுசெய்து தொலைபேசியில் துரத்தாதீர்கள். இந்த வியாபாரத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

நான்காம் நாள் அவளுக்குப் பதில் வந்தது: "இருக்கும் பவுச் தை வரை வரும். மார்கழியில் பேசுங்கள்." உடனே விலைப்பட்டியலை அனுப்பலாமா என்று கேட்டாள். வேண்டாம், 'நன்றி ஐயா, மார்கழியில் அழைக்கிறேன்' என்று மட்டும் எழுதி, நாட்காட்டியில் குறித்துக்கொள் என்றேன்.